பிரேக் லைட் அணையவே இல்லை, அப்புறம் எரியவே இல்லை: ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு கார்

கோரிமேட்டில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் வண்டிகள் எங்கள் பக்கம்தான் வந்து சேரும் என்பதால், பிரேக் சம்பந்தமான புகார் மற்ற கடைகளைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். அதில் ஒரு வண்டியின் கதையை முழுதாக எழுதி வைக்கத் தோன்றியது. காரணம், ஒரே கார் முதலில் "பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது" என்று ஒரு கடைக்குப் போனது. அங்கே சுவிட்சை மாற்றினார்கள். அதற்குப் பிறகு "பிரேக் லைட் எரியவே மாட்டேங்குது" என்று என்னிடம் வந்தது. இரண்டு புகாரும் நேர் எதிர். ஆனால் காரணம் ஒன்றே, அதுவும் சுவிட்ச் இல்லை.

காரின் சொந்தக்காரர் ஏற்காட்டில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியர். 11 வருஷம் ஓடிய சிறிய ஹேட்ச்பேக், கையால் கியர் போடும் வண்டி, பெட்ரோல். அவர் சொன்னதை அப்படியே வரிசையாகத் தருகிறேன். முதலில் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணிச் சேலம் வந்து பேட்டரிக்குச் சார்ஜ் போட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதேதான். பேட்டரி பழசு என்று புதுசே வாங்கிப் போட்டுவிட்டார். புது பேட்டரியும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அன்று இரவு பத்து மணிக்கு எதிர்வீட்டுக்காரர் பனிமூட்டத்துக்குள் சிவப்பாக ஏதோ தெரிகிறதே என்று பார்த்திருக்கிறார். பூட்டி நிறுத்திய காரில் மூன்று பிரேக் லைட்டும் எரிந்துகொண்டிருந்தன.

பேட்டரி ஏன் படுத்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிரேக் லைட்டுக்கு மின்சாரம் சாவி வழியாக வருவதில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஃபியூஸ், அங்கிருந்து சுவிட்ச், அங்கிருந்து பின்னால் லைட், அவ்வளவுதான். சாவியைக் கழற்றி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் பெடலை மிதித்தால் பின்னால் வருபவனுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். இந்தக் காரில் இழை பல்பு இரண்டு, ஒவ்வொன்றும் 21 வாட். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கும். மேலே கண்ணாடிக்குள் இருக்கும் மூன்றாவது லைட் எல்ஈடி என்பதால் அதைக் கணக்கில் விட்டுவிடலாம். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை 10 மணி நேரம். 35 ஆம்பியர்-மணி போயிருக்கும். அந்தக் காரில் இருந்த பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். விடியும்போது மிச்சம் எதுவும் இருக்காது. ஆசிரியர் தூக்கிக் கொடுத்த பழைய பேட்டரி நல்ல பேட்டரியாகக்கூட இருந்திருக்கலாம் என்பதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம்.

சரி, பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு கடையில் சுவிட்சை மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பிறகும் எரிந்தது. அப்புறம் உள்ளே ஏதோ செய்து அணைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவர் மலையிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைக்க, பின்னால் வந்த வேன் டயர் தேய்த்து நின்றிருக்கிறது. வேன் டிரைவர் இறங்கி வந்து, "சார், பத்து வளைவா உங்க பின்னாடிதான் வர்றேன். ஒரு தடவைகூட பிரேக் லைட் எரியலீங்க" என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே ஆசிரியர் என்னிடம் வந்துவிட்டார்.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது

இது தெரியாமல் சோதனையைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டிரைவர் சீட்டில் தலையைக் கீழே விட்டு, பிரேக் பெடலின் தண்டைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தால், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொருள் பொருத்தியிருக்கும். ஒரு முனையில் வயர் கப்ளர். மறு முனையில் பேனா நுனி போல ஒரு பிளாஸ்டிக் குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிரேக் லைட் சுவிட்ச். உடம்பு முழுக்க மரை போட்டு, இரண்டு பக்கமும் நட்டு வைத்திருப்பார்கள்.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. பெடலை மிதித்தால் சுவிட்ச் அமுங்குகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் காலை எடுத்திருக்கும்போதுதான் அது அமுங்கியிருக்கிறது. பெடல் மேலே வந்து நிற்கும்போது பெடல் தண்டு அந்தக் குச்சியை உள்ளே தள்ளிப் பிடித்திருக்கும், லைட் அணைந்திருக்கும். மிதித்ததும் தண்டு விலகும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குச்சியை வெளியே தள்ளும், உள்ளே இரண்டு தகடுகள் தொடும், லைட் எரியும். ஆக, குச்சியை அமுக்க ஒன்றும் இல்லாமல் போனால் லைட் எரிந்துகொண்டே இருக்கும். குச்சியை விடாமல் எதுவோ அமுக்கிக்கொண்டே இருந்தால் லைட் எரியவே எரியாது.

அமுக்குவது எது? தண்டின் இரும்பே நேராக அமுக்குவதில்லை. தண்டில் ஒரு சிறிய காது மாதிரித் தகடு, அதில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு பொத்தான் சொருகியிருக்கும். சட்டைப் பொத்தான் அளவுதான். ஸ்டாப்பர் என்போம். குச்சி இந்தப் பொத்தான் மேல்தான் படுகிறது. எல்லாக் காரிலும் இந்த ஓட்டையும் பொத்தானும் இருக்காது. சிலவற்றில் தண்டின் தட்டையான பகுதியே நேராகப் படும். ஆனால் நம் ஊரில் ஓடும் பல சிறிய கார்களில் இந்த அமைப்புதான்.

முதல் அரை மணி நேரம்

பின்னால் கடைப் பையனை நிற்க வைத்துவிட்டு பெடலை மெதுவாக மிதித்தேன். "அண்ணா, ஒண்ணும் எரியலைங்க" என்றான். இன்னும் கொஞ்சம் மிதித்தேன். எரியவில்லை. பலமாக மிதித்ததும் மூன்றும் ஒன்றாக எரிந்தன. விட்டதும் அணைந்தன.

இந்த ஒரு நிமிஷத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மூன்றும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன என்றால் பல்பும் எர்த்தும் பிரச்சினை இல்லை. ஃபியூஸும் போகவில்லை. ஒன்று மட்டும் எரியாமல் இருந்தால் அந்தப் பக்கப் பல்பைப் பார்க்க வேண்டும். பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மங்கலாக எரிந்தால், அந்த விளக்குக் கூட்டின் எர்த் வயரைத் தேட வேண்டும். மூன்றுமே எந்த மிதிக்கும் எரியாவிட்டால் முதலில் ஃபியூஸ். சில கார்களில் ஹாரனும் பிரேக் லைட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும், அப்படிப்பட்ட வண்டியில் ஹாரன் அடித்துப் பார்த்தாலே விடை வந்துவிடும். இங்கே அது எதுவும் தேவைப்படவில்லை. பெடல் எவ்வளவு கீழே போகிறது என்பதைப் பொறுத்து லைட் எரிகிறது. அப்படியானால் கோளாறு பெடலுக்கும் சுவிட்சுக்கும் நடுவில்தான்.

ஒரு அடிஸ்கேலைப் பெடல் பக்கத்தில் நிறுத்தி அளந்தேன். பெடல் 22 மில்லிமீட்டர் இறங்கிய பிறகுதான் லைட் எரிந்தது. நல்ல வண்டியில் ஒரு சென்டிமீட்டருக்குள் எரிந்துவிட வேண்டும். மலையிறக்கத்தில் இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ள, காலைப் பெடல் மேல் லேசாக வைத்து வைத்துத்தான் எடுப்போம். அந்த மிதிக்கு 22 மில்லிமீட்டர் எட்டவே எட்டாது. வேன் டிரைவர் பத்து வளைவிலும் லைட்டைப் பார்க்காததில் ஆச்சரியம் இல்லை. சேலம் டவுனுக்குள் சிக்னலில் நிற்கும்போது ஆசிரியர் முழுதாக மிதித்திருப்பார், அங்கே எரிந்திருக்கும். அதனால்தான் கீழே ஓட்டிய நாட்களில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டார்ச் வைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தேன். பெடல் தண்டின் காதில், கதவு ஓரத்தில் வரும் பீடிங் ரப்பரில் ஒரு துண்டை வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சு மாதிரி மெத்தென்ற ரப்பர். சுவிட்சை மரையில் திருகி முன்னால் தள்ளி, அந்த ரப்பருக்குள் அமுங்கும்படி வைத்திருந்தார்கள். ரப்பரைப் பிடுங்கினேன். உடனே பின்னாலிருந்து பையன் கத்தினான்: "அண்ணா, எரியுது, நிக்கவே மாட்டேங்குது!"

ரப்பருக்குப் பின்னால் அந்த ஓட்டை காலியாக இருந்தது. குச்சி ஓட்டை வழியாக மறுபக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அதை அமுக்க அங்கே எதுவுமே இல்லை.

கால்மிதியைத் தூக்கிக் கார்ப்பெட்டைத் தட்டினேன். பழுப்பு நிறத்தில் நாலைந்து துணுக்குகள் உதிர்ந்தன. இரண்டை விரல் நடுவே வைத்துத் தேய்த்தால் பழைய வெல்லம் போலப் பொடிந்தன. ஒரு துணுக்கில் மட்டும் பொத்தானின் வட்ட விளிம்பு கால்வாசி மிச்சம் இருந்தது, அதில் குச்சி இத்தனை வருஷம் இடித்த குழியும் தெரிந்தது. ஆசிரியரிடம் காட்டினேன். "இதுவா? பாப்பா சாக்லேட் கொட்டியிருக்கான்னு நினைச்சு ரெண்டு தடவை கூட்டி வெளிய போட்டேங்க" என்றார். கால்மிதியில் இப்படி அடையாளம் தெரியாத பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் நான் இப்போதெல்லாம் முதலில் பெடலுக்கு மேலேதான் பார்ப்பேன்.

ஒரே காரணம், இரண்டு எதிர்ப் புகார்

வெயிலில் 11 வருஷம் காய்ந்த பொத்தான் பொடிந்து விழுந்தது. குச்சி ஓட்டைக்குள் புகுந்தது, லைட் அணையவில்லை. முந்தைய கடையில் சுவிட்சை மாற்றியபோது புதுக் குச்சியும் அதே ஓட்டைக்குள் புகுந்தது. அதனால்தான் மாற்றியும் எரிந்தது. அந்த இடத்தில் அவர்கள் ஓட்டையைப் பார்த்திருக்கிறார்கள், பொத்தான் காணோம் என்று புரிந்தும் இருக்கிறது. ஆனால் பொத்தான் தேடி வாங்காமல் கையில் கிடைத்த ரப்பரை ஒட்டினார்கள்.

அந்த ரப்பர் ஏன் லைட்டை எரிய விடவில்லை என்பது எனக்கும் முதலில் சட்டென்று பிடிபடவில்லை. பெடல் விலகினால் குச்சி வெளியே வந்துதானே ஆக வேண்டும்? பெடலை மெதுவாக மிதித்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பஞ்சு ரப்பர் நன்றாக அமுங்கியிருந்தது. பெடல் தண்டு விலக விலக, ரப்பர் தன் பழைய உயரத்துக்கு விரிந்துகொண்டே போய்க் குச்சியை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. அது விரிந்து முடிந்து, அதன் பிறகும் தண்டு விலகினால்தான் குச்சிக்கு வெளியே வர இடம்.

ரப்பர் அமுங்கியிருந்த அளவு வெறும் 4 மில்லிமீட்டர்தான். ஆனால் இங்கே நெம்புகோல் கணக்கு ஒன்று இருக்கிறது. பெடல் ஆடும் அச்சிலிருந்து சுவிட்ச் படும் இடம் 8 சென்டிமீட்டர், கால் மிதிக்கும் இடம் 28 சென்டிமீட்டர். மேலே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் காலடியில் மூன்றரை மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் ரப்பர் காலடியில் 14 மில்லிமீட்டராகிறது. சாதாரணமாக 8 மில்லிமீட்டரில் எரிய வேண்டிய லைட் 22-இல் எரிந்தது இப்படித்தான். பிரேக் சுவிட்ச் விஷயத்தில் "கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன" என்பது செல்லாததற்குக் காரணமும் இதுதான்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. இந்தக் காரில் அது நடக்கவில்லை, ரப்பர் மெத்தென்று இருந்ததால் தப்பித்தது. அதே இடத்தில் கெட்டியான ரப்பரோ மடித்த தகரமோ வைத்து, சுவிட்சை மரையில் இறுக்கி முன்னால் தள்ளியிருந்தால், சுவிட்சே பெடலைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா ஆடும் அந்தக் கொஞ்ச இடம், அதாவது ஃப்ரீ பிளே, போய்விடும். பிரேக் ஆயில் திரும்பி வர வழி கிடைக்காமல் நான்கு சக்கரத்திலும் பிரேக் லேசாகப் பிடித்தபடியே வண்டி ஓடும். சமதளத்தில் மைலேஜ் குறையும். மலையிறக்கத்தில் சூடேறி, பிரேக்கே வேலை செய்யாமல் போகும் நிலைக்குக் கொண்டு போகலாம். அதனால் பிரேக் லைட் சுவிட்சில் கை வைத்தால், வேலை முடிந்ததும் பெடலைக் கையால் லேசாக அமுக்கி ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

பழைய சுவிட்சுக்குச் சோதனை

ஆசிரியர் நல்ல பழக்கம் உள்ளவர். கழற்றிய பழைய சுவிட்சை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருந்தார். அது உண்மையில் கெட்டதுதானா என்று பார்க்க எனக்கு ஆசை. மேசையில் வைத்து மல்டிமீட்டரை ஓம்ஸில் போட்டேன். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 ஓம் காட்டியது, அது வயரின் கணக்கு, கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு சுவிட்சின் இரண்டு பின்களில் வைத்தேன். குச்சி வெளியே இருக்கும்போது 0.2, அதாவது கழித்தால் சுழி. விரலால் குச்சியை அமுக்கினால் OL, அதாவது தொடர்பே இல்லை. இருபது தடவை அமுக்கி விட்டேன், ஒரு தடவைகூட மாறவில்லை. பழைய சுவிட்சில் எந்தக் குறையும் இல்லை.

காரில் இருந்த புதுச் சுவிட்சையும் அதே போலப் பார்த்தேன். அமுக்கினால் OL. விட்டால் 0.6. வயரின் 0.2 கழித்தால் 0.4 ஓம். மீட்டரை மட்டும் நம்புகிறவர் இதை நல்ல சுவிட்ச் என்றுதான் சொல்வார். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஓம்ஸ் சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிக மிகக் குறைவு. பல்பு எரியும்போது போகும் 3 ஆம்பியருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுமை ஏற்றிப் பார்க்காமல் சுவிட்சின் தகடுகள் எப்படி இருக்கின்றன என்று சொல்ல முடியாது.

அதற்கு ஒரு நேரான வழி உண்டு. கப்ளரைக் கழற்ற வேண்டாம். சுவிட்ச் காரில் இருக்கட்டும், பல்பு எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் சுவிட்சுக்குள் வரும் வயரிலும் மறு முனையைச் சுவிட்சிலிருந்து வெளியே போகும் வயரிலும் கப்ளரின் பின்பக்கமாகச் சொருக வேண்டும். பெடலை விட்டிருக்கும்போது மீட்டர் பேட்டரி வோல்ட்டை முழுதாகக் காட்டும், ஏனென்றால் சுவிட்ச் திறந்திருக்கிறது. மிதித்ததும் அது கிட்டத்தட்டச் சுழிக்கு விழ வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. மிதித்திருக்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறதோ, அந்த வோல்ட்டைச் சுவிட்ச் தின்கிறது என்று அர்த்தம்.

புதுச் சுவிட்ச் 1.3 வோல்ட் தின்றது. பேட்டரியில் அப்போது 12.4. பல்புக்கு 11.1-தான் மிச்சம். இழை பல்பின் ஒளி வோல்ட் குறைவதைவிட வேகமாகக் குறையும், இந்த அளவு குறைந்தால் ஒளி மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பகல் வெயிலில், அல்லது ஏற்காட்டுப் பனிக்குள், அந்த மூன்றில் ஒரு பங்கு பெரிய வித்தியாசம். பழைய சுவிட்சைச் சொருகி அதே இடத்தில் அளந்தேன்: 0.1 வோல்ட். பழையதையே திரும்பப் போடலாம் என்று முடிவு செய்தேன். புதுசைக் கழற்றிவிட்டு 11 வருஷச் சுவிட்சைப் போடுகிறேனே என்று ஆசிரியருக்கு முகம் கொஞ்சம் மாறியது. மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து இரண்டையும் அளக்கச் சொன்னேன். இரண்டு தடவை அளந்தார், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

பொத்தானும் இடைவெளியும்

உதிரி பாகக் கடையில் அந்தப் பொத்தான் தனியாகக் கிடைத்தது. அதன் விலை சுவிட்ச் விலையில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தொட்டு, ஓட்டையில் வைத்து நுனி மூக்குக் குறட்டால் மறுபக்கம் இழுத்தால் 'டக்'கென்று உட்கார்ந்துவிடும். வழியில் கிடைக்காமல் மாட்டிக்கொண்டால், தட்டைத் தலையுள்ள ஒரு குட்டி போல்ட்டை அந்த ஓட்டையில் போட்டுப் பின்னால் நட்டு இறுக்கிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். பசையில் ஒட்டும் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சேலத்து வெயிலில் பூட்டிய காருக்குள் பசை இளகிவிடும், ரப்பர் கழன்று பெடலுக்கு அடியில் விழுந்தால் அது வேறு வம்பு.

இடைவெளி வைப்பது இப்படி. முதலில் கப்ளரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் சுவிட்சைச் சுற்றும்போது வயரும் சேர்ந்து முறுக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சின் மரை முனை பொத்தானைத் தொடும்வரை கையால் சுற்றுங்கள். தொட்டதும் நிறுத்துங்கள், பெடல் ஒரு இழைகூடக் கீழே போகக் கூடாது. அங்கிருந்து திருப்பி, மரை முனைக்கும் பொத்தானுக்கும் நடுவில் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை பின்னால் எடுங்கள். கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், புத்தகம் இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். என்னிடம் ஃபீலர் கேஜ் எட்டாத இடத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். அதை இரண்டாக மடித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். அட்டை சற்றே உரசி நுழைய வேண்டும். அப்புறம் லாக் நட்டை இறுக்கி மறுபடி அட்டையை விட்டுப் பாருங்கள், இறுக்கும்போது சுவிட்ச் கால் சுற்று சேர்ந்து திரும்பிவிடுவது வழக்கம்.

மரை இல்லாத சுவிட்சும் இருக்கிறது, சொருகிக் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் ரகம். அதில் குச்சி ஒரே ஒரு முறைதான் தன் அளவைத் தானே எடுத்துக்கொள்ளும் சில மாடல்களும் உண்டு, ஒரு தடவை கழற்றினால் மறுபடி போடாமல் புதுசு போட வேண்டியிருக்கும். அதைத் தெரியாமல் "சும்மா கழற்றிப் பார்ப்போம்" என்று கழற்றிவிடக் கூடாது.

ஆசிரியர் காரில் எல்லாம் முடிந்ததும் அளந்தேன். பெடல் 8 மில்லிமீட்டரில் லைட் எரிந்தது. ஃப்ரீ பிளே 3 மில்லிமீட்டர். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றியது.

வண்டி இப்படி இல்லாவிட்டால்

எரிந்துகொண்டே இருக்கும் லைட்டுக்கு நான் செய்யும் முதல் காரியம் சுவிட்சின் கப்ளரைக் கழற்றுவது. கழற்றியதும் அணைந்தால் கோளாறு சுவிட்சிலோ பெடலிலோ. கழற்றியும் எரிந்தால் சுவிட்சை மறந்துவிடலாம், மின்சாரம் வேறு வழியாக உள்ளே வருகிறது. பின்னால் வெளிக்கடையில் மாட்டிய ஸ்பாய்லர் லைட், ஃபிளாஷர், பல்பு ஹோல்டரில் மாற்றிப் போட்ட ஒற்றை இழை பல்பு, இவற்றைத்தான் பார்ப்பேன். இரண்டாவது காரியம், கப்ளரை மாட்டிவிட்டு விரலால் குச்சியை அமுக்குவது. அமுக்கியதும் அணைந்தால் சுவிட்ச் நல்லது, பொத்தானோ இடைவெளியோ பெடலின் ஸ்பிரிங்கோ குற்றவாளி. இந்த இரண்டாவது காரியத்தை முந்தைய கடையில் செய்திருந்தால் சுவிட்சே வாங்கியிருக்க வேண்டாம்.

எரியவே எரியாத லைட்டுக்கு, ஃபியூஸ் நல்லது என்று பார்த்த பிறகு, டெஸ்ட் லேம்ப்பைக் கப்ளரில் வைப்பேன். ஒரு வயரில் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும், மற்றதில் மிதிக்கும்போது மட்டும். முதல் வயரில் இல்லையென்றால் ஃபியூஸ் பக்கம் போக வேண்டும். முதல் வயரில் இருந்து, மிதித்தும் இரண்டாவதில் வராவிட்டால் சுவிட்ச். இரண்டிலும் வந்தும் எரியாவிட்டால் பின்பக்கம்.

கப்ளரின் இரண்டு ஓட்டைகளையும் ஒரு வயர் துண்டால் இணைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. இரண்டு பின் உள்ள பழைய அமைப்பில், வயர் நடுவில் ஒரு ஃபியூஸும் வைத்துக்கொண்டால், அது நல்ல சோதனைதான். ஆனால் நான்கு பின் உள்ள சுவிட்சில் அதைச் செய்யாதீர்கள். அங்கே இரண்டு தனிச் சுவிட்ச்கள் ஒரே கூட்டுக்குள் இருக்கும், ஒன்று மூடும்போது மற்றது திறக்கும், இன்ஜின் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். புது வண்டிகள் பலவற்றில் பல்புக்குப் போகும் மின்சாரம் சுவிட்ச் வழியாகவே போவதில்லை, சுவிட்ச் செய்தி மட்டும்தான் அனுப்புகிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஸ்கேனரை மாட்டி, பெடல் மிதிக்கும்போது அந்தச் செய்தி மாறுகிறதா என்று பார்ப்பதே சரி. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் பார்க்கிலிருந்து வெளியே வர மறுப்பது, பட்டன் ஸ்டார்ட் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் "பிரேக் மிதி" என்று கேட்டுக்கொண்டே இருப்பது, இவையும் இதே சுவிட்சின் புகாராக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று

வண்டியை எடுக்கப் போகும்போது ஆசிரியர், "வேற ஏதாவது பார்க்கணுமாங்க?" என்று கேட்டார். பக்கத்திலேயே கிளட்ச் பெடல். அதற்கும் மேலே அதே மாதிரிக் காது, அதே மாதிரி ஓட்டை, அதே வயசுப் பொத்தான். டார்ச் அடித்தால் முழுசாகத்தான் தெரிந்தது. ஆள்காட்டி விரலால் லேசாக அமுக்கினேன். இரண்டாகப் பிளந்து கால்மிதியில் விழுந்தது. உதிரி பாகக் கடைக்குப் பையனை மறுபடி அனுப்பினேன்.